அக்ரிலிக் ஷீட்டா கண்ணாடியா? மலைல பிரேமுக்கு ஒண்ணு, டேபிளுக்கு ஒண்ணு

கேள்வி: கோத்தகிரி பக்கம் வீடு. தாத்தாவோட பழைய பிளாக் அண்ட் ஒயிட் போட்டோ ஒண்ணு 2 அடிக்கு 3 அடி, பிரேம் கண்ணாடி விரிஞ்சு போச்சு, ஒரு மூலைல போட்டோ கண்ணாடியோட ஒட்டிக்கிட்ட மாதிரி தெரியுது. இதுக்கு அக்ரிலிக் ஷீட் போடலாமா? 5 அடிக்கு 3 அடி டைனிங் டேபிள் மேலயும் ஒண்ணு போடணும். கீறல் விழும், மஞ்சளாகும்னு ஆளாளுக்கு சொல்றாங்க. வீட்லயே கட் பண்ண முடியுமா அண்ணா?

போட்டோவுக்கு அக்ரிலிக் போடுங்க, டேபிளுக்கு கண்ணாடி போடுங்க. ஆனா அதை விட முக்கியமான வேலை ஒண்ணு இருக்கு, அந்த ஒட்டின மூலை. அதுல இப்ப கை வைக்காதீங்க, அதைப் பத்தி முதல்ல சொல்லிடறேன்.

குன்னூர்ல இருபது வருஷத்துக்கு மேல பிரேம் போடற கடை வச்சிருக்கேன். இங்க வர்ற பழைய போட்டோல பாதி இதே கதைதான். அந்தக் காலத்து பிளாக் அண்ட் ஒயிட் பிரிண்ட்ல மேல இருக்கறது ஜெலட்டின் படலம், அதாவது கிட்டத்தட்ட ஜெல்லி பண்ற அதே பொருள்தான். ஈரம் பட்டா இளகும், காஞ்சா இறுகும். நம்ம ஊர்ல ஐப்பசி கார்த்திகை மழைல வீட்டுக்குள்ள துணியே மூணு நாள் காயாது, பிரேமுக்குள்ள இருக்கற போட்டோ மட்டும் காஞ்சிருக்குமா? ராத்திரி குளிர்ல கண்ணாடி ஜில்லுனு ஆகும், உள்ள இருக்கற ஈரக்காத்து கண்ணாடியோட உள்பக்கத்துல பனித்துளியா படியும், போட்டோ கண்ணாடியைத் தொட்டுக்கிட்டே இருந்தா அந்த இடத்துல ஜெலட்டின் இளகி கண்ணாடியோட ஒட்டிக்கும், அடுத்த வெயில்ல காஞ்சு பசை மாதிரி பிடிச்சுக்கும். இது பல வருஷம் நடந்திருக்கு, உங்களுக்கு இப்பதான் கண்ணுல பட்டிருக்கு. பிரேமை ஜன்னல் பக்கம் சாய்ச்சுப் பிடிச்சுப் பாருங்க, ஒட்டின இடம் மட்டும் ஈரமா இருக்கற மாதிரி கொஞ்சம் கருப்பா பளபளன்னு தெரியும், ஒட்டாத இடம் லேசா மங்கலா இருக்கும். அந்த எல்லைக்கோடு தெளிவா தெரிஞ்சா ஒட்டிருக்குன்னு அர்த்தம்.

அதைப் பிடிச்சு இழுத்தா படம் கண்ணாடிலயும் வெறும் பேப்பர் உங்க கைலயும் வரும். தண்ணில ஊற வச்சா வந்துடும்னு யாராவது சொல்லுவாங்க, சில பிரிண்ட் வரவும் வரும், ஆனா அந்தக் காலத்துல கன்னத்துக்கு சிவப்பு, புடவைக்கு பச்சைன்னு கையால கலர் தீட்டற பழக்கம் இருந்துச்சு, அப்படித் தீட்டின படமா இருந்தா கலர் தண்ணியோட போயிடும். ஏற்கனவே பூஞ்சை பிடிச்ச ஜெலட்டினா இருந்தா படமே கரைஞ்சு வழியும். அதனால முதல்ல கண்ணாடியோடவே ஒரு நல்ல காப்பி எடுத்து வச்சுக்கோங்க. ஜன்னல் வெளிச்சம் ரெண்டு பக்கவாட்டுலயும் வர்ற மாதிரி படத்தை வச்சு, உங்க நிழலும் போனோட பிம்பமும் விழாம இருக்க ஒரு கருப்புத் துணில ஓட்டை போட்டு அது வழியா எடுங்க. விரிசல் ஓடற இடத்தை ரெண்டு மூணு கோணத்துல எடுத்தா பின்னாடி கம்ப்யூட்டர்ல சேர்த்துக்கலாம். ஒட்டின மூலைக்கு மேல இருக்கற கண்ணாடித் துண்டை போட்டோவோட அப்படியே விட்டுட்டு, மத்த துண்டுகளை மட்டும் ஒவ்வொண்ணா எடுங்க. தாத்தா முகம் ஒட்டாம இருந்தா தப்பிச்சீங்க, மூலைல இருக்கறது வெறும் பேக்ரவுண்டா இருந்தா அந்தத் துண்டை அளவா விட்டு அதுக்கு மேல மவுண்ட் போர்டு, அதாவது படத்தைச் சுத்தி வைக்கற கனமான அட்டை, மறைக்கற மாதிரி பிரேம் போட்டுக்கலாம், நான் அப்படி போட்டுக் கொடுத்திருக்கேன், யாருக்கும் தெரியாது.

இதை ஏன் முதல்ல சொல்றேன்னா, அக்ரிலிக்கும் இதே மாதிரி ஒட்டும். அக்ரிலிக் போட்டா ஒட்டாதுன்னு நினைச்சு மாத்தறவங்க நிறைய பேர் இருக்காங்க. போட்டோவுக்கும் ஷீட்டுக்கும் நடுவுல இடைவெளி இல்லன்னா எந்த ஷீட்டா இருந்தாலும் ஒட்டும். 2 மில்லி மவுண்ட் போர்டு நாலு பக்கமும் வந்தா போதும், அது பிடிக்கலன்னா பிரேமோட உள்பக்கம் ஷீட் உக்கார்ற பள்ளம் இருக்கே, அந்தக் காடிக்குள்ள தெரியாம 3 மில்லி பட்டி ஒட்டி இடைவெளி விடலாம். அப்புறம் பிரேமோட பின்பக்கம் கீழ ரெண்டு மூலைலயும் ரப்பர் புஷ் ஒட்டி சுவத்துல இருந்து அரை சென்டிமீட்டராவது தள்ளி தொங்க விடுங்க. நம்ம ஊர் வீட்டுல வெளிச்சுவர் எப்பவும் ஓதம் குடிச்சிருக்கும், அதை ஒட்டி மாட்டினா பின்னாடி அட்டை ஈரத்தை உறிஞ்சி உள்ள அனுப்பிக்கிட்டே இருக்கும்.

சரி, அப்ப போட்டோவுக்கு ஏன் அக்ரிலிக்? எடைதான் முதல் காரணம். உங்க அளவுக்கு 2 மில்லி கண்ணாடி போட்டா துவளும், 3 மில்லியாவது வேணும், அது மட்டுமே 4 கிலோவுக்கு மேல வரும். அதே 3 மில்லி அக்ரிலிக் 2 கிலோதான், கண்ணாடில பாதிக்கும் கீழ. பழைய மர பிரேமோட மூலை ஆணியெல்லாம் ஏற்கனவே தளர்ந்திருக்கும், உங்க கண்ணாடி விரிஞ்சதுக்கே அது காரணமா இருக்கலாம், பிரேம் லேசா கோணி கண்ணாடியை ஒரு மூலைல நெருக்கியிருக்கும். ரெண்டாவது காரணம், விழுந்தா கண்ணாடி கிழிக்கறது படத்தைத்தான். அக்ரிலிக் உடைஞ்சாலும் பெரிய பெரிய துண்டாதான் போகும். மூணாவது, மேட்டுப்பாளையத்துல இருந்து வளைவு வளைவா ஏத்திட்டு வரணும். பஸ்ல அரவேணு தாண்டறதுக்குள்ள உடைஞ்ச கண்ணாடிக்கு நானே எத்தனையோ தடவை பணம் கட்டியிருக்கேன்.

கண்ணாடிக்கு இதுல இருக்கற நல்லது என்னன்னா துடைக்கறப்ப பயப்பட வேண்டாம், வளையாது, நிலைமின்சாரம் பிடிக்காது. அக்ரிலிக் இந்த மூணுலயும் உங்களைப் படுத்தும். ஜனவரி பிப்ரவரி காஞ்ச குளிர்ல மேல ஒட்டியிருக்கற பிலிமை உரிச்சீங்கன்னா ரூம்ல இருக்கற தூசி முழுக்க ஷீட்டுக்கு வந்து ஒட்டும். அதனால சார்க்கோல், பேஸ்டல் மாதிரி பொடியா உதிர்ற படத்துக்கு சாதா அக்ரிலிக் போடவே கூடாது, பொடியை இழுத்துக்கும். உங்களுது போட்டோ, அந்தப் பிரச்சனை இல்ல.

வளையறதைப் பத்தி ஒரு கதை சொல்றேன், என் தப்புதான். ஒரு எஸ்டேட் பங்களாவுக்கு, கணப்பு அடுப்புக்கு மேல மாட்டறதுக்கு கிட்டத்தட்ட உங்க சைஸ்லயே ஒரு குரூப் போட்டோ போட்டேன். கண்ணாடி வெட்டற பழக்கத்துல அக்ரிலிக்கையும் காடிக்கு இறுக்கமா வெட்டி உள்ள தள்ளிட்டேன். ஒரு மழைக்காலம் போச்சு, கூப்பிட்டாங்க, போய்ப் பாத்தா ஷீட் உள்பக்கமா தொப்பை போட்டு நடுவுல போட்டோவைத் தொட்டுக்கிட்டு இருக்கு. அக்ரிலிக் கண்ணாடியை விட ஏழெட்டு மடங்கு விரியும். 3 அடி நீளத்துக்கு வெப்பம் 25 டிகிரி ஏறி இறங்கினா கண்ணாடி கால் மில்லி கூட நகராது, அக்ரிலிக் ஒன்றரை மில்லிக்கு மேல நீளும். கணப்பு மேல 25 டிகிரி சாதாரணம். அதுக்கு மேல அக்ரிலிக் ஈரத்தையும் கொஞ்சம் குடிக்கும், குடிச்சா உப்பும், எந்தப் பக்கம் ஈரம் அதிகமோ அந்தப் பக்கம் நீளும். அங்க முன்பக்கம் நெருப்புல காய்ஞ்சுக்கிட்டே இருக்கு, பின்பக்கம் ஓதச் சுவர், நாலு பக்கமும் நகர இடமே இல்ல, அப்ப அது உள்ள தானே தள்ளும். நல்லவேளை போட்டோ ஒட்டறதுக்கு முன்னாடி பாத்தாச்சு. அதுல இருந்து 3 அடி நீளத்துக்கு மொத்தமா 3 மில்லி குறைச்சுதான் வெட்டறேன், அகலத்துக்கும் அதே மாதிரி, பின்னாடி ஆணியை அழுத்தி அடிக்காம ஷீட் லேசா அசையற மாதிரி விடறேன்.

இப்ப மஞ்சள். இதுல ஊர்ல ஒரு பெரிய குழப்பம் இருக்கு. அக்ரிலிக்னு வாங்கினேன், ஜன்னல் ஓரம் மாட்டினேன், ரெண்டு வருஷத்துல மஞ்சளாயிடுச்சுன்னு வந்து காட்டறாங்க. தொட்டுப் பாத்தா பத்துக்கு ஒன்பது அக்ரிலிக்கே இல்ல, பாலிஸ்டைரீன். ரெடிமேட் பிரேம்ல கண்ணாடிக்குப் பதிலா வர்ற மெல்லிசு பிளாஸ்டிக் பெரும்பாலும் அதுதான். கடைல எல்லாத்தையும் அக்ரிலிக்னும் பைபர்னும் ஒரே வாய்ல சொல்லிடறாங்க. நிஜ அக்ரிலிக் வெயில்ல நிக்கற பொருள், கடை போர்டு எல்லாம் வருஷக்கணக்கா மழை வெயில்ல நிக்குது பாருங்க, நல்ல ஷீட்னா வீட்டுக்குள்ள பத்து வருஷத்துக்கு மஞ்சள் கண்ணுக்கே தெரியாது. பாலிஸ்டைரீனுக்கு புற ஊதாக் கதிர் ஆகவே ஆகாது. கூரைக்குப் போடற பாலிகார்பனேட்டும் அதுக்குன்னு மேல்பூச்சு இல்லன்னா மஞ்சளாகும். நம்ம ஊர் வேற உசரம், ஆயிரம் மீட்டர் ஏறினா புற ஊதாக் கதிர் சுமாரா 10 சதவீதம் கூடும், கோத்தகிரி ஆயிரத்து எட்நூறு மீட்டர்கிட்ட இருக்கு, கீழ நாலு வருஷம் தாங்கற மட்டமான ஷீட் இங்க அவ்வளவு தாங்காது.

கடைக்காரர் பேச்சை நம்பாம வீட்லயே கண்டுபிடிக்கலாம். ஒரு சின்ன வெட்டுத் துண்டு கேட்டு வாங்கிட்டு வாங்க. ஒரு டம்ளர்ல 200 மில்லி தண்ணி, அதுல ரெண்டு பெரிய ஸ்பூன் உப்பு குவிச்சுப் போட்டு நல்லா கரைங்க. துண்டை முக்கி, மேல ஒட்டியிருக்கற காத்துக்குமிழை விரலால தடவி விட்டுட்டு விடுங்க. மிதந்தா பாலிஸ்டைரீன், மூழ்கினா அது பாலிஸ்டைரீன் இல்ல. சாதா தண்ணில ரெண்டுமே மூழ்கும், உப்புத் தண்ணிலதான் வித்தியாசம் தெரியும். மூழ்கினதை இன்னொரு சோதனை பண்ணுங்க, இதை வீட்டுக்கு வெளில இடுக்கியால பிடிச்சு பண்ணணும், புகையை நேரா மோந்து பாக்காதீங்க. ஓரத்துல நெருப்பு வச்சா அக்ரிலிக் லேசா சடசடன்னு எரியும், புகைக்கரி அதிகம் வராது, பழ எசன்ஸ் மாதிரி ஒரு வாசனை அடிக்கும். பாலிஸ்டைரீன்னா கருப்புக் கரி நூல் நூலா பறக்கும். பாலிகார்பனேட் நெருப்பை எடுத்ததும் தானா அணைஞ்சுடும். இன்னொண்ணு, விரலால சுண்டிப் பாருங்க, பாலிஸ்டைரீன் தகரம் மாதிரி டிங்னு கேக்கும், அக்ரிலிக் மொத்தமா டொக்னு கேக்கும், கொஞ்ச நாள் பழகினா இந்த சத்தமே போதும்.

வாங்கறப்ப காஸ்ட் ஷீட்டான்னு கேளுங்க. அச்சுல ஊத்தி எடுக்கறது காஸ்ட், மிஷின்ல பிழிஞ்சு எடுக்கறது எக்ஸ்ட்ரூடட். ரெண்டும் நிஜ அக்ரிலிக்தான், ஆனா எக்ஸ்ட்ரூடட் அறுக்கும்போது சூட்டுல சீக்கிரம் இளகி பிளேடுல ஒட்டும், ஸ்பிரிட் பட்டா சீக்கிரம் வெடிக்கும். பிரேமுக்கு எது போட்டாலும் ஓடும், நீங்களே வெட்டறதா இருந்தா காஸ்ட் வாங்கிக்கோங்க.

ஒரு விஷயம் மட்டும், மஞ்சளாகாத ஷீட் போட்டாச்சு, போட்டோ மங்காதுன்னு நினைக்காதீங்க. சாதா கண்ணாடியும் சாதா அக்ரிலிக்கும் புற ஊதாக் கதிர்ல ஒரு பகுதியை உள்ள விடும், அதைத் தடுக்கற ஸ்பெஷல் ஷீட் கிடைச்சாலும் கண்ணுக்குத் தெரியற வெளிச்சமே கலர் போட்டோவை வெளுக்கும். வெயில் நேரா விழாத சுவர்ல மாட்டறதுதான் வழி. பழைய பிரேம்ல கண்ணாடி மஞ்சளா தெரியறது பெரும்பாலும் விறகுப் புகையும் ஊதுவத்திப் புகையும் படிஞ்சது, சோப்புத் தண்ணில துடைச்சா போயிடும்.

கீறலுக்கு வருவோம். அக்ரிலிக் கீறல் விழும்ங்கறது உண்மை, அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா கீறல் போடறது யாருன்னு பாத்தீங்கன்னா பெரும்பாலும் சுத்தம் பண்றவங்கதான். தூசில மண் இருக்கும், மண்ணுல குவார்ட்ஸ் இருக்கும், அது கண்ணாடியையே கீறும், அக்ரிலிக் எல்லாம் அதுக்கு வெண்ணெய் மாதிரி. காஞ்ச துணியால அழுத்தி ஒரு துடை துடைச்சீங்கன்னா நீங்களே உப்புத்தாள் போட்ட மாதிரி. முதல்ல ஊதி விடுங்க, அப்புறம் தண்ணில ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவற லிக்விட் போட்டு மெத்துனு பழைய பனியன் துணியையோ மைக்ரோபைபரையோ நனைச்சு அழுத்தாம ஒரே பக்கமா துடைங்க. அவ்வளவுதான். கண்ணாடி கிளீனர், தின்னர், அசிட்டோன், சானிடைசர் எதுவும் வேண்டாம், இதுல இருக்கற அமோனியாவும் ஆல்கஹாலும் கரைப்பானும் பட்டா ஓரத்துல இருந்து முடி மாதிரி மெல்லிசு மெல்லிசா வெடிப்பு ஓடும். அது கீறல் இல்ல, உள்ளயே விரியறது, பாலிஷ் போட்டாலும் போகாது. ஸ்டிக்கர் பசை எடுக்க நம்ம ஊர்ல எல்லாரும் நீலகிரித் தைலம் தேய்ப்போம், கண்ணாடிக்கு அது அருமை, பாலிஸ்டைரீன்ல தேய்ச்சா மேல்பரப்பே பிசுபிசுன்னு ஆயிடும், அக்ரிலிக்லயும் நான் தேய்க்க மாட்டேன், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணில ஊற வச்சு விரலால உருட்டியே எடுத்துடுவேன்.

அக்ரிலிக்ல விழுந்த கீறலை எடுக்க முடியும், அது அதுக்கு இருக்கற பெரிய பலம். நகத்தை ஓட்டிப் பாருங்க, நகம் மாட்டலன்னா பிளாஸ்டிக் பாலிஷ் போட்டு பத்து நிமிஷம் வட்டமா தேய்ச்சா போதும். நகம் மாட்டினா 800 நம்பர் வாட்டர் பேப்பர்ல தண்ணி விட்டு தேய்ச்சு, அப்புறம் 1200, அப்புறம் 2000, கடைசில பாலிஷ். கீறலை மட்டும் தேய்க்காதீங்க, உள்ளங்கை அகலத்துக்கு சுத்தியும் சேர்த்து தேய்க்கணும், இல்லன்னா அந்த இடத்துல குழி விழுந்து நெளிநெளியா தெரியும். கண்ணாடில கீறல் லேசுல விழாது, ஆனா விழுந்தா விழுந்ததுதான், எடுக்கற செலவுக்கு புதுசே போட்டுடலாம்.

இந்தக் கீறல் கணக்குலதான் டேபிளுக்கு நான் கண்ணாடின்னு சொல்றது. சுவத்துல மாட்டின படத்தை மாசம் ஒரு தடவை துடைப்பீங்க. டைனிங் டேபிளை நாளைக்கு மூணு தடவை துடைப்பீங்க, ஸ்டீல் தட்டை இழுப்பீங்க, மண் குவளை வைப்பீங்க. ஆறே மாசத்துல வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா சிலந்தி வலை மாதிரி தெரியும். சூடு இன்னொண்ணு. அக்ரிலிக் 80, 90 டிகிரிலயே இளக ஆரம்பிச்சிடும். நம்ம உசரத்துல தண்ணி 94 டிகிரி கிட்டயே கொதிச்சிடும், அதுவே போதும் தடம் விழ, குக்கர் அடி அதுக்கும் மேல. டீ டம்ளர் ஒண்ணும் பண்ணாது, அடுப்புல இருந்து நேரா இறக்கின இட்லிப் பானையை வச்சா வட்டமா ஒரு தடம் நிரந்தரமா நிக்கும். சாதா கண்ணாடிக்கும் சூடு ஆகாதுதான், ஜில்லுனு இருக்கற காலைல கொதிக்கற பாத்திரத்தை வச்சா விரியும், அதனால எதுவா இருந்தாலும் பிரிமணை வைங்க.

விறைப்பும் பாக்கணும். அக்ரிலிக் கண்ணாடியை விட இருபது மடங்குக்கு மேல இளக்கமான பொருள். 6 மில்லி கண்ணாடி தர்ற விறைப்பு வேணும்னா அக்ரிலிக் 17 மில்லி போடணும். உங்க டேபிள்ல கீழ முழுக்க மரப்பலகை இருக்குன்னா விறைப்பு தேவையில்ல, ஆனா 5 மில்லி அக்ரிலிக் தட்டையா படுத்துக் கிடக்காது, ஈரம் குடிச்சு நாலு மூலையும் லேசா தூக்கும், தட்டு வைக்கறப்ப டப் டப்னு அடிக்கும். கீழ பலகை இல்லாத, நாலு காலும் சட்டமும் மட்டும் இருக்கற டேபிள்னா அக்ரிலிக் நினைச்சே பாக்காதீங்க, எடை இல்லாமலே வருஷக்கணக்குல தொய்யும், தொய்ஞ்சது திரும்ப நிமிராது. அந்த டேபிளுக்கு 10, 12 மில்லி டஃபண்ட் கண்ணாடிதான், அதாவது சூடாக்கி பலப்படுத்தின கண்ணாடி.

உங்களுக்கு பலகை மேலதான் போடறீங்கன்னு எடுத்துக்கறேன். 6 மில்லி கண்ணாடி, நாலு பக்கமும் எட்ஜ் பாலிஷ், மூலை லேசா உருட்டி. எடை 21 கிலோ வரும், ரெண்டு பேர் தூக்கணும், படுக்க வச்சு தூக்காம நிமிர்த்தி ஓரமாப் பிடிச்சு தூக்கணும். வீட்ல சின்னப் பசங்க இருந்தா டஃபண்டே போடுங்க, உடைஞ்சா கத்தி மாதிரி துண்டா போகாம பொடிக்கல் மாதிரி உதிரும். ஆனா டஃபண்ட் பண்ணினதுக்கு அப்புறம் ஒரு மில்லி கூட வெட்ட முடியாது, ஓட்டை போட முடியாது, போடப் பாத்தா மொத்தமும் உதிர்ந்துடும், அதனால ஆர்டர் கொடுக்கறதுக்கு முன்னாடி டேபிளை நீளம் ரெண்டு இடத்துல, அகலம் ரெண்டு இடத்துல, மூலைக்கு மூலை ரெண்டுன்னு அளந்துக்கோங்க. மூலைக்கு மூலை அளவு ரெண்டும் ஒண்ணா வரலன்னா டேபிள் கோணல், பழைய தேக்கு டேபிள் முக்காவாசி கோணலாதான் இருக்கும், அப்ப பேப்பர்ல அச்சு எடுத்துக் கொடுங்க.

கண்ணாடியை மரத்து மேல நேரா படுக்க வைக்காதீங்க. டிரான்ஸ்பரண்ட் புஷ், 2 மில்லி கனம், ரெண்டு அடிக்கு ஒண்ணு வீதம் ஒட்டி மேல வைங்க. நேரா வச்சா சிந்தின டீயும் மழைக்கால ஈரமும் நடுவுல போய் மாட்டிக்கிட்டு மரத்துல வெள்ளை வெள்ளையா பூஞ்சை வரும், வார்னிஷ் கண்ணாடியோட ஒட்டும். கண்ணாடிக்கு அடில குடும்ப போட்டோ வைக்கற ஆசை இருந்தா உங்க தாத்தா போட்டோவுக்கு நடந்ததேதான் நடக்கும். வைக்கணும்னா காப்பி பிரிண்ட் வைங்க, ஒரிஜினல் வேண்டாம். அக்ரிலிக் டேபிள் டாப் ஏற்கனவே வச்சிருக்கறவங்க அதுக்கு மேல மெத்துனு இருக்கற பிவிசி விரிப்பு போடாதீங்க, விரிப்புல இருந்து கசியற எண்ணெய்ப்பசை அக்ரிலிக்கைக் கெடுத்து ஒட்டிக்கும்.

வெட்டறது. கண்ணாடியை கடைலயே வெட்டிக் கொடுத்துடுவாங்க, அதை விட்டுடுங்க, கைப்பழக்கம் வேணும். ஒரே ஒரு கோடு, ஒரே அழுத்தம், திரும்ப அதே கோட்டுல கட்டரை ஓட்டினா கட்டரும் போச்சு கண்ணாடியும் போச்சு. அக்ரிலிக் அதுக்கு நேர் எதிர், பொறுமையா பத்து தடவை ஓட்டலாம். அதனால 3 மில்லி வரைக்கும் நீங்களே வெட்டலாம்.

உங்க பிரேமோட காடியை அளந்து, உதாரணத்துக்கு 612க்கு 916 மில்லி வருதுன்னு வைங்க, 609க்கு 913 வெட்டணும். ஷீட்டோட மேல் பிலிமை உரிக்காம அதுமேலயே பேனாவால கோடு போடுங்க. காலைல பத்து டிகிரி குளிர்ல வெட்டாதீங்க, குளிர்ல ஷீட் மொடமொடன்னு இருக்கும், கோட்டை விட்டு ஓடிடும், மத்தியானம் வெயில் பட்ட ரூம்ல ஒரு மணி நேரம் வச்சிட்டு எடுங்க. ஸ்டீல் ஸ்கேலை ரெண்டு கிளாம்ப் போட்டு இறுக்கி, அக்ரிலிக் கட்டரால இழுங்க. கொக்கி மாதிரி மூக்கு இருக்கற கட்டர் அது, இல்லன்னா பழைய ஹேக்ஸா பிளேடை உடைச்சு நுனியை கொக்கியா தீட்டிக்கலாம், நான் இன்னும் அதுலதான் வெட்டறேன். முதல் ரெண்டு இழுப்பு லேசா, கோடு பதியறதுக்கு மட்டும். அப்புறம் அழுத்தி இழுத்தா சுருள் சுருளா நூல் வரும், பொடியா வந்தா கட்டர் மொக்கை. மொத்தம் எட்டு பத்து இழுப்புல கனத்துல மூணுல ஒரு பங்கு, அதாவது ஒரு மில்லி ஆழம் இறங்கியிருக்கணும். ஓரத்துல இருந்து ஓரம் வரைக்கும் முழுசா இழுக்கணும், கடைசி ஒரு இன்ச்சை சோம்பேறித்தனத்துல விட்டீங்கன்னா அங்கதான் மூலை பிச்சுக்கிட்டு போகும். இப்ப கோடு மேல் பக்கம் இருக்கற மாதிரி டேபிள் விளிம்புக்கு நேரா வச்சு, மேல ஒரு நேர்ப்பலகையை இறுக்கி, தொங்கற பக்கத்தை ரெண்டு உள்ளங்கையாலயும் ஒரே அழுத்தா கீழ அழுத்துங்க. டக்னு ஒரே சத்தம். தயங்கித் தயங்கி அழுத்தினா கோணலா போகும். வெட்டி எடுக்கற பட்டி ஒன்றரை இன்ச்சுக்கு கம்மியா இருந்தா இந்த முறை ஒத்து வராது, பிடிக்க இடம் இருக்காது, அப்ப ரம்பம்தான்.

4 மில்லிக்கு மேல போனா ஜிக்ஸாவும் பொடிப் பல் பிளேடும் வேணும், மெதுவான ஸ்பீடு. வேகமா ஓட்டினா பின்னாடி வெட்டின இடமே சூட்டுல உருகி திரும்ப ஒட்டிக்கும், திரும்பிப் பாத்தா வெட்டின கோடே இருக்காது, முதல் தடவை பாக்கறவங்களுக்கு சிரிப்பும் வரும் அழுகையும் வரும். ஓட்டை போடணும்னா சாதா இரும்பு டிரில் பிட் திருகிக்கிட்டே உள்ள பாய்ஞ்சு அடில விரிசல் விடும், பிட்டோட வெட்டு முனையை எண்ணெய்க்கல்லுல ரெண்டு தேய் தேய்ச்சு மழுங்கடிச்சுட்டு, அடில மரத்துண்டு வச்சு, மெதுவா போடுங்க, ஸ்க்ரூவை விட 2 மில்லி பெருசா போடுங்க. லேசர்ல வெட்டினா ஓரம் கண்ணாடி மாதிரி பளபளன்னு வரும், பாக்க அழகு, ஆனா அந்த ஓரத்துல சூட்டோட இறுக்கம் தங்கியிருக்கும், அதுலதான் சானிடைசர் பட்டதும் முதல் வெடிப்பு கிளம்பும்.

வெட்டின ஓரத்தை ஹேக்ஸா பிளேடோட முதுகால ஒரே பக்கமா சுரண்டி, 220, 400 நம்பர்ல தேய்ச்சா போதும், காடிக்குள்ள போயிடற ஓரத்துக்கு அதுக்கு மேல பாலிஷ் தேவையில்ல. உள்பக்க பிலிமை கடைசி நிமிஷத்துல, பக்கத்துல ஒரு ஈரத்துணி காய வச்சு, மெதுவா உரிச்சா தூசி ஓரளவு கம்மியா பிடிக்கும், பிடிச்சதை மெத்துனு பிரஷ்ஷால தட்டுங்க, துணியால தேய்க்காதீங்க, தேய்க்கத் தேய்க்க இன்னும் இழுக்கும்.

எப்ப மூடறீங்கங்கறதும் கணக்குதான். மழைக்கால சாயங்காலம் மேகம் வீட்டுக்குள்ள வந்து நிக்கறப்ப பிரேமை மூடினா அந்த ஈரத்தையும் சேர்த்து உள்ள வச்சு மூடறீங்க. பொங்கல் தாண்டி, நாலு நாள் தொடர்ந்து வெயில் அடிச்சதுக்கு அப்புறம், போட்டோ, மவுண்ட் போர்டு, பின் அட்டை மூணையும் வெயில் நேரா படாத காஞ்ச ரூம்ல ரெண்டு நாள் பிரிச்சு வச்சிட்டு, மத்தியானம் ரெண்டு மணி வாக்குல மூடுங்க. அதுவரைக்கும் ஒட்டின துண்டோட இருக்கற போட்டோவை வெள்ளை பேப்பர்ல லேசா சுத்தி, படம் மேல பாக்கற மாதிரி பீரோவோட மேல் தட்டுல படுக்க வைங்க, கட்டிலுக்கு அடில வேண்டாம், அங்கதான் ஓதம் அதிகம்.